புதைத்த பிறகு இறந்தவர்கள்

கமா வென்றெடுத்தவற்றில் முதலாவது மூச்சு. பத்து வயது வரை இளைப்பு அவளை விடவில்லை. வகுப்பில் உட்கார்ந்த நாளைவிட, ஜன்னலோரம் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்த நாளே அதிகம். அதன் பிறகு தட்டச்சில் மேல்நிலைச் சான்றிதழ். அதுவும் வலக்கை மோதிர விரல் கதவிடுக்கில் நசுங்கி, சரியாக மடங்காமல் போன பின்னால். அப்பா இறந்த வருஷமே வேலைக்குப் போனவள், அஞ்சல் வழியில் ஒரு பட்டம் வாங்கினாள், அதன் தலைமேல் இன்னொன்றையும் வாங்கினாள். முப்பத்தெட்டு வயதில் முனைவர் பட்டத்துக்கு இடம் கேட்டுப் போனபோது, "இந்த வயசுல எதுக்கும்மா?" என்றது நேர்காணல் குழு. "வரலாறுதானே சார், வயசானா கெட்டா போயிடும்?" என்று சொல்லிச் சிரிக்கவைத்து அந்த இடத்தையும் வாங்கினாள். ஆவணக் காப்பகத்தின் நுழைவுச் சீட்டு, மூன்று முறை விண்ணப்பம் திரும்பி வந்து நாலாம் முறை கிடைத்தது. எதற்கும் சிபாரிசு கிடையாது. சிபாரிசு செய்ய ஆளும் கிடையாது.

அவளுக்குக் கமா என்ற பெயர் வந்தது கடையில். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸும் தட்டச்சும் சேர்ந்த ஒரு நீளமான கடை. வருகிற மாணவர்களின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து, "இங்க ஒரு கமா போட்டுக்கவா தம்பி? இல்லாட்டி மாடு பால் குடிச்ச மாதிரி அர்த்தம் வருது" என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது, வீட்டுக்கும் வந்துவிட்டது. இருபது வருஷமாக ஊரார் ஆய்வேடுகளை அடித்தாள். நத்தை, வங்கிக் கடன், கான்கிரீட் பாலம், மண்புழு என்று அவள் விரல் படாத துறை இல்லை.

அவளுடைய சொந்த ஆய்வு ஆற்றுப் படகுகள் பற்றியது. நூறு வருஷத்துக்கு முன் ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகள், அவற்றில் சுக்கான் பிடித்து ஓட்டிய சுக்கானிகள், கரி அள்ளியவர்கள், மூட்டை தூக்கியவர்கள். ஏழு அத்தியாயம், நானூற்றுச் சொச்சம் பக்கம். எழுதி முடித்தாயிற்று. நெறியாளர் படித்து, சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டும் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாயிற்று. மூன்றாவது நீட்டிப்பு விதியிலேயே இல்லை. வெள்ளி தவறினால் பதிவு ரத்து. ஏழு வருஷம் ஆற்றோடு போகும்.

மிச்சமிருந்தது சரிபார்ப்பு மட்டும். முன்பே பாதி முடித்திருந்தாள். அந்தத் திங்கட்கிழமை மீதிக்கு உட்கார்ந்தாள். கூட அக்கா. அக்கா சலவைக் கடையில் துணிகளுக்கு அடையாளச் சீட்டு குத்துகிறவள், எட்டாம் வகுப்பு. ஒரு வாரம் விடுப்புப் போட்டு வந்திருந்தாள்.

சரிபார்ப்புக்குக் கமா வைத்திருந்த முறை இதுதான். வரைவில் உள்ள ஒவ்வொரு தேதி, பெயர், எண்ணின் அடியிலும் பென்சில் கோடு. அக்கா வரைவைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பாள், எண்ணை ஒவ்வொரு இலக்கமாக. கமா மூல ஆவணத்தின் நகலில் அந்த இடத்தில் விரலை வைப்பாள். விரல் வைத்த பிறகுதான் சரிக்குறி. "எனக்கே தெரியுமே" என்று நினைவிலிருந்து ஒரு குறிகூடப் போடக் கூடாது. ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சாட்சிதான். அதற்கும் குறி கிடையாது.

"ஐந்தாம் அத்தியாயம். ஒன்று ஒன்பது சுழி ஏழு, செப்டம்பர், ஒன்று ஒன்று" என்று படித்தாள் அக்கா. "படகு கவிழ்ந்ததில் ஒன்று ஏழு பேர் மாண்டனர். இதென்னடி, பக்கத்துல கேள்விக்குறி போட்டிருக்க?"

"பத்திரிகைல பதினேழுன்னு இருக்கு. படகுக் குழுமத்தோட ஆண்டறிக்கைல பத்தொம்போதுன்னு இருக்கு. எது சரின்னு தெரியல. அதான் படகு கவிழ்ந்த மேல்துறை ஊரோட நகராட்சிக்கு எழுதி, இடுகாட்டுப் பதிவேட்டோட நகல் கேட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு சனிக்கிழமைதான் வந்துச்சு."

"செத்தவங்க கணக்குக்கு இடுகாட்டையே கேட்டுட்டியா? நல்ல ஆளுடி நீ."

கமா உறையைப் பிரித்தாள். இரண்டே தாள். பெயர், வயது, காரணம், புதைத்த நாள். காரணம் என்ற இடத்தில் 'படகு விபத்து' என்று வரிசையாக எழுதியிருந்தது. எண்ணினாள். முதல் நாளில் பதினேழு பேர், மறுநாள் இரண்டு பேர். "ரெண்டுமே சரிக்கா! பத்திரிகை முதல் நாள் கணக்கு, ஆண்டறிக்கை மொத்தக் கணக்கு" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. பென்சிலை எடுத்தாள். விரலைத் தாளில் வைத்தாள். புதைத்த நாள் என்ற பத்தியில் விரல் நின்றது.

அப்படியே நின்றது.

"என்னாச்சு?"

"அக்கா, நான் எழுதியிருக்கற தேதி என்ன, மறுபடி படி."

"பதினொன்னு. செப்டம்பர் பதினொன்னு."

"இங்க ஒம்போதாம் தேதியே பதினேழு பேரைப் புதைச்சிருக்காங்க."

அக்கா எட்டிப் பார்த்தாள். "அதெப்படி? பதினொன்னாம் தேதி சாகப் போறவங்களை ஒம்போதாம் தேதியே புதைப்பாங்களா? ஊர்ல அவ்வளவு அவசரமா?"

சிரிப்பு வரவில்லை. கமா அடிக்குறிப்புக்கான அட்டையைத் தேடி எடுத்தாள். நாலு வருஷத்துக்கு முன், காப்பகத்தில், பழைய நாளிதழ்களைப் படமெடுத்துவைத்த நுண்படச் சுருளைப் பார்த்து அவள் கையாலேயே எழுதியது. தலைநகரத்து நாளிதழ், 12 செப்டம்பர் 1907. 'நேற்று மாலை படகு கவிழ்ந்து பதினேழு பேர் மாண்டனர்.' பன்னிரண்டில் நேற்று என்றால் பதினொன்று. இதில் எங்கே தப்பு?

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினாள். அவளே எழுதிய வரி அது: 'மேல்துறைக்குத் தந்திக் கம்பி 1911 வரை வரவில்லை. அஞ்சல் படகு தலைநகரம் சேர மூன்று நாள் ஆனது.'

"பதினொன்னாம் தேதி சாயங்காலம் அங்க நடந்தது, பன்னெண்டாம் தேதி காலைல இங்க எப்படி அச்சாகும்?" என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "நிருபர் கடிதம் எழுதியிருக்கார். அவருக்கு நேத்து. பத்திரிகைக்கு நேத்து இல்ல. பன்னெண்டுல அஞ்சலோட மூணு நாளைக் கழிச்சா ஒம்போது, அவரோட நேத்து எட்டு. கடிதத்துக்கு மேலே அவர் எழுதின தேதி இருந்திருக்கும். நான் அதைக் குறிச்சுக்கவே இல்ல."

வரலாறு எழுதுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது.

"சரி, தேதியை மாத்திடு. பதினொன்னை அடிச்சு எட்டுன்னு போடு. அஞ்சு நிமிஷ வேலை."

இளைப்பு வருவதற்கு முன் சின்ன வயதில் கமா தோளை உயர்த்திக்கொள்வாள், அப்படி உயர்த்தியிருந்தாள். ஐந்தாம் அத்தியாயத்தின் ஒரு பக்கத்தை அக்காவிடம் நீட்டினாள். அக்கா எழுத்துக் கூட்டாமல் ஆனால் மெதுவாகப் படித்தாள். படகில் அறுபது பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று குழுமத்தின் படகுத்துறை மேலாளர் செப்டம்பர் 10ஆம் தேதி ஆணை போட்டார். மறுநாளே அந்த ஆணையை மீறித் தொண்ணூறு பேருக்கு மேல் ஏற்றினான் சுக்கானி. படகு கவிழ்ந்தது. ஆணையை மீறியதற்காக அவன் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். 'எச்சரிக்கையை மதியாத இந்தப் போக்கே' என்று தொடங்கி ஒரு பத்தி முழுக்க அந்தச் சுக்கானியைக் கமா வறுத்தெடுத்திருந்தாள்.

"படகு எட்டாம் தேதி கவிழ்ந்தா, ஆணை வந்தது ரெண்டு நாள் கழிச்சு" என்றாள் கமா. "இல்லாத ஆணையை அந்த ஆள் எப்படி மீறுவான்? குழுமம் அவன் தலையில கட்டுச்சு. நூறு வருஷம் கழிச்சு நானும் போய்க் கூடக் கட்டியிருக்கேன்."

அக்கா பக்கத்தை மேசையில் வைத்தாள். இது ஐந்து நிமிஷ வேலை இல்லை என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

நெறியாளர் கமாவைவிட நாலு வயது இளையவர். இருவரும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள். தொலைபேசியில் அவர் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தப் பத்திரிகையை மட்டும் நம்பிப் போட்ட தேதி மொத்தம் எத்தனை இருக்கும்?"

"முப்பத்தொன்னு சார். இப்பதான் அடிக்குறிப்பை எண்ணினேன்."

மறுமுனையில் பெருமூச்சு. "ஒன்னு இப்படின்னா, அதே வழியில வந்த முப்பத்தொன்னும் சந்தேகம்தான். நாலு நாள்ல முடியுமா? நான் சொல்றதைக் கேளுங்க. இப்படியே கொடுத்துடுங்க. தேர்வாளர் அறிக்கை வந்த பிறகு பிழைதிருத்தப் பட்டியல் சேர்க்கலாம், விதி இருக்கு. எல்லாரும் செய்யறதுதான்."

"தேதியைப் பட்டியல்ல திருத்தலாம் சார். 'பக்கம் இருநூத்துப் பதினாலு, குற்றவாளி என்பதை நிரபராதி என்று படிக்கவும்'னா போடறது?"

"நிரபராதின்னும் நீங்க சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடி வேற ஆணை இருந்திருக்கலாம்."

"ஆமா சார். அதையும் பார்க்கணும்."

"வெள்ளிக்கிழமை நாலு மணி. அந்த அலுவலகத்துக்காரர் நாலு அஞ்சுக்கு எங்கப்பா வந்தாலும் வாங்க மாட்டார். அதை மட்டும் மறந்துடாதீங்க."

ஃபோனை வைத்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "அவரே சொல்றாரு, கொடுத்துத் தொலையேன்! உனக்கென்ன கேடு? அந்தச் சுக்கானி என்ன நமக்கு மாமனா மச்சானா? பொண்டாட்டி புள்ள யாராவது வந்து கேக்கப் போறாங்களா?"

"வந்து கேக்க ஆள் இல்லாததாலதான்க்கா."

"ஏழு வருஷம்டி. ஒரு கல்யாண வீட்டுக்குப் போகல, ஒரு நல்ல துணி எடுக்கல. கரை தெரியற நேரத்துல நீயே ஓட்டை போடறியே" என்று சொல்லும்போதே அக்காவின் குரல் உடைந்தது. அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காப்பகம் எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டாள்.

காப்பகம் செவ்வாய்க்கிழமை திறந்தது. ஆனால் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இருப்புச் சரிபார்ப்பு நடப்பதால் இந்த வாரம் மதியம் ஒரு மணி வரை மட்டும். கமா அதை இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவையும் அதேதான் எழுதியிருந்தது.

படிப்பறைப் பொறுப்பில் இருந்த அம்மாள் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "இவங்க யாரு?"

"உதவிக்கு மேடம். இந்த வாரத்துக்கு மட்டும் சீட்டு போதும்."

"படிப்பு?"

"சலவைக் கடை" என்றாள் அக்கா.

அம்மாள் சிரிக்காமல் சீட்டு எழுதினார். "பேனா உள்ள போகாது. பென்சில்தான். சுருளை விரலால தொடாதீங்க, ஓரத்தைப் பிடிங்க."

நுண்படம் பார்க்கும் கருவிகள் மூன்றில் ஒன்றுதான் வேலை செய்தது. சுருளை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் பழைய நாளிதழ்கள் வெள்ளத்தில் போகிற மாதிரி திரையில் ஓடும். சரியான நாளில் நிறுத்துவதற்குள் இரண்டு நாள் தாண்டியிருக்கும். திரும்பச் சுற்ற வேண்டும். முதலில் கமா பன்னிரண்டாம் தேதிக்குப் போனாள். நாலாம் பக்கம், இரண்டாம் பத்தி. செய்திக்கு மேலே, பொடி எழுத்தில், அவள் நாலு வருஷத்துக்கு முன் கண்ணால் தாண்டிப்போன வரி: 'நமது நிருபர். மேல்துறை, செப்டம்பர் 9.'

ஒன்பதில் நேற்று எட்டு. செய்தியின் மூன்றாம் வரியில், 'ஓய்வுநாள் ஆதலால் கூட்டம் மிகுதி' என்றும் இருந்தது. அந்த வருஷத்து நாட்காட்டியில் எட்டாம் தேதி ஞாயிறு. அவள் எழுதிய பதினொன்று புதன். ஓய்வுநாள் கூட்டம் என்று வரைவிலும் எழுதியிருந்தாள். புதன்கிழமை என்ன ஓய்வு என்று ஒரு தரம்கூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கன்னம் சூடாயிற்று.

அன்றும் மறுநாளும் வேலை ஒரே தாளத்தில் போனது. அக்கா பட்டியலிலிருந்து இதழின் தேதியைச் சொல்வாள். கமா சுற்றுவாள். நிருபர் எழுதிய தேதி, 'இன்று', 'நேற்று', 'சென்ற வெள்ளி' என்று அவர் போட்ட சொல், அதிலிருந்து வரும் நாள், அந்த நாளின் கிழமை, இத்தனையையும் சொல்வாள். அக்கா கட்டம் கட்டி எழுதுவாள். தலைநகரத்திலேயே நடந்த செய்திகள் எல்லாம் சரியாக இருந்தன. எழுதியதும் அச்சானதும் ஒரே ஊர். ஆற்றின் மேல்பக்கத்துச் செய்திகள்தான் நழுவியிருந்தன. ஒன்று அக்டோபர் இரண்டாம் தேதி இதழ். நிருபர் எழுதியது செப்டம்பர் இருபத்தொன்பதில். வேலைநிறுத்தம் அடுத்த மாதத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தது.

"ஒரு மாசத்தையே தூக்கிட்டுப் போயிட்டியேடி" என்றாள் அக்கா.

"மெதுவா பேசுங்க" என்றார் அம்மாள்.

ஒரு மணி அடிக்கும்போது கமாவின் கை கைப்பிடியிலேயே இருக்கும். அம்மாள் வந்து விளக்கை அணைத்த பிறகுதான் எழுவாள். இரண்டாம் நாள் ஓர் இதழ் சுருளில் கிழிந்த பக்கமாக இருந்தது. நிருபரின் தேதி இருந்த மூலையையே காணோம். அக்கா, "மூணு நாள் கழிச்சுப் போட்டுக்கோயேன், எல்லாம் அப்படித்தானே வருது" என்றாள்.

"விரல் வைக்க இடம் இல்லையேக்கா." அந்தத் தேதியை எடுத்துவிட்டு, 'செப்டம்பர் கடைசி வாரத்தில்' என்று மாற்றினாள். அடிக்குறிப்பில் காரணத்தையும் எழுதினாள்.

முப்பத்தொன்றில் பதினொன்று தப்பு. பத்து வெறும் நாள் மாற்றம். சுக்கானி விஷயம் ஒன்றுதான் கதையையே புரட்டியது.

மதியங்களில் கடைக்கு ஓடினாள். பிழை வந்தால் ஓரிரு தாளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஐந்து பிரதியையும் முன்பே அச்செடுத்துப் பைண்டரிடம் கொடுத்திருந்தாள். "ஒட்டிட்டீங்களா?" என்று திங்கட்கிழமையே கேட்டபோது, "தையல் போட வச்சிருக்கேன், இன்னும் பசை போடல" என்று அவர் சொன்னது பெரிய புண்ணியம். அந்தத் தாள்களைத் திரும்பக் கொண்டுவந்தாள். முதலாளி கல்லாவிலிருந்து வேடிக்கை பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் நேரத்துக்கு அடிச்சுக் கொடுத்தவ நீ. உன் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் இலை போடும்போது உலை வைக்கிற."

"மேசை வேணும் முதலாளி."

"எடுத்துக்கோ. அந்தத் தம்பியோட மண்புழு காத்திருக்கட்டும். மண்ணுக்குள்ளதானே இருக்கு."

அவள் கைத்தொழில் இங்கே கைகொடுத்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் கூடினால்கூடப் பின்னால் உள்ள இருநூறு பக்க எண்ணும் நகரும். பொருளடக்கம், பெயரகராதி, 'முன்பு பக்கம் இத்தனையில் கண்டோம்' என்று எழுதிய இடங்கள் எல்லாம் பொய்யாகும். அவற்றைத் திரும்பச் சரிபார்க்க நாள் இல்லை. ஆகவே புதிதாக எழுதுவது பழையது நின்ற இடத்திலேயே, அதே பக்கத்தின் அதே அடிவரியில் முடிய வேண்டும். சுக்கானியை வறுத்த பத்தியைத் தூக்கினாள். அந்தப் பள்ளத்தில் என்ன எழுதுவது என்பதுதான் தெரியவில்லை. எழுதினால் சுக்கானி ஆணையை மீறவில்லை என்று எழுத வேண்டும். முந்தைய ஆணை ஒன்று இருந்திருந்தால் அதுவும் பொய்.

வியாழக்கிழமை காலை காப்பகத்தில் படகுத்துறை மேலாளரின் ஆணைக் கோப்பைக் கேட்டாள். அம்மாள் உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். "அந்த அலமாரி இருப்பெடுக்கிறதுல இருக்கு. திங்கட்கிழமை வாங்க."

கமா கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டாள். "மேடம், திங்கட்கிழமை நான் மாணவி இல்ல."

அம்மாள் அவளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு பென்சில்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாள் மறுபடியும் உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவைத்ததுபோல் இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பன்னிரண்டரைக்கு ஒரு தூசிக் கட்டோடு திரும்பினார். "அரை மணி. புரட்டும்போது கிழிஞ்சா என் வேலை போகும்."

வருஷ வாரியாகத் தைத்த நகல்கள். கமா பின்னிருந்து முன்னால் போனாள். ஆகஸ்டு, ஜூலை, ஜூன். கரி அளவு, விளக்கு எண்ணெய், சம்பளப் பிடித்தம். ஆள் ஏற்றுவதைப் பற்றி ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய வருஷம். ஒன்றுமில்லை. நெஞ்சு கொஞ்சம் இளகியது. இளகியதும் பயமாகவும் இருந்தது. இல்லை என்பதற்கு எதன்மேல் விரல் வைப்பது? கட்டிலிருந்து விடுபட்ட தாள் இருக்கலாமே?

"இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதாடி?" என்று அக்கா காதோரம் கேட்டாள்.

"தெரிஞ்சா நல்லது."

கடைசியாக, செப்டம்பர் பத்தாம் தேதி ஆணையை எடுத்தாள். இதன் நகல் அவளிடம் உண்டு, பலமுறை படித்தது. அறுபது பேர் என்ற இரண்டாம் பத்தியைத்தான் படித்திருந்தாள். முதல் பத்தி, வழக்கமான முன்னுரை என்று கண் வழுக்கிப் போன பத்தி. இப்போது ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள்: 'படகில் ஏற்றும் ஆட்களின் தொகை இதுவரை சுக்கானிகளின் மதிப்பீட்டுக்கே விடப்பட்டிருந்தபடியால், இன்று முதல்...'

"அக்கா" என்றாள். "இதுவரை."

அக்கா குனிந்து படித்தாள். அவளும் விரல் வைத்துத்தான் படித்தாள்.

அம்மாள் கடிகாரத்தைக் காட்டினார். கமா அந்தப் பத்தியைப் பென்சிலால் முழுவதும் எழுதி, எழுதியதை அக்கா சொல் சொல்லாகத் திருப்பிப் படிக்க, ஒப்பிட்டு முடிக்கும்போது ஒன்று அடித்தது.

அன்று மதியம் அந்தப் பள்ளம் நிரம்பியது. 'விபத்து செப்டம்பர் 8ஆம் தேதி, ஞாயிறு மாலை நிகழ்ந்தது. ஆட்தொகையை வரையறுத்த ஆணை அதற்கு இரண்டு நாட்களுக்குப் பின் பிறந்தது. அதற்கு முன் வரையறை இருக்கவில்லை என்பதை அந்த ஆணையே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் ஆணையை மீறினார் என்றே சுக்கானி நீக்கப்பட்டார்.' தொண்ணூறு பேரை ஏற்றியது சரியா என்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை. 'நீக்கப்பட்டான்' என்று இருந்ததை மட்டும் 'நீக்கப்பட்டார்' ஆக்கினாள். அடிவரி நாலு சொல் நீண்டது. இரண்டு இடத்தில் சுருக்கி, பழைய இடத்திலேயே முடித்தாள். நெறியாளருக்கு அனுப்பினாள். 'இதுதான் இந்த அத்தியாயத்தின் நல்ல பக்கம். ஓடுங்கள்' என்று பதில் வந்தது.

ஓடினார்கள். வெள்ளி காலை அச்சுக் கருவி ஐந்தாம் பிரதியில் தாளைக் கடித்துக்கொண்டது. முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே உள்ளே கையை விட்டு எடுத்தார். மாற்றிய தாள்களை ஒவ்வொரு பிரதியிலும் அக்காதான் செருகினாள். ஐந்து அடுக்கிலும் பக்க எண்ணை விரலால் தொட்டுத் தொட்டு வாய்விட்டுச் சொன்னாள். பைண்டர் பசை போட்டு, "காயணும்மா, அவசரப்பட்டா முதுகு விட்டுடும்" என்றார். "எனக்கு இப்பவே விட்டுப்போச்சு" என்றாள் அக்கா. மின்விசிறிக்கு அடியில் ஐந்து பிரதியையும் வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக ஏற்றினார்கள். மூன்றரைக்கு ஒரு ஓரம் இன்னும் ஈரமாகவே இருந்தது. அப்படியே துணியில் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள்.

அலுவலகத்துக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. நாலுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. கட்டண ரசீது, நெறியாளர் சான்றிதழ், துறைத் தலைவர் முத்திரை என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"உறுதிமொழில கையெழுத்து இல்லையே?"

கமாவுக்கு மூச்சு நின்று வந்தது. இந்த ஆய்வேட்டில் உள்ளவை என் சொந்த உழைப்பு, இதன் உண்மைக்கு நானே பொறுப்பு என்று சொல்லும் பக்கம். எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்த வாசகம். தன்னுடையதில் மட்டும், எல்லாம் சரிபார்த்த பிறகு போடலாம் என்று விட்டுவைத்திருந்தாள்.

"பேனா இருக்கா?" என்றார் அவர்.

அவளிடம் பென்சில்தான் இருந்தது. அக்காவிடமும் பென்சில்தான். அவர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நீட்டினார்.

மடங்காத விரலைச் சற்றே விலக்கிப் பிடித்து, ஐந்து பிரதியிலும் கமா எழுதினாள். இருபது வருஷமாக அடித்த எந்த ஆய்வேட்டிலும் அவள் பெயர் கிடையாது. எழுதினவர் என்று ஒரு வரலாற்றின் கீழ் அவள் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: வெள்ளிக்கிழமை, 28 மார்ச் 2014.